படம் கேட்டுவிட்டு வரட்டும், கோப்பு வைஃபையில் இறங்கட்டும்

தண்டையார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு அண்ணன், துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை செய்கிறார். காலையில் ராஜாஜி சாலையில் அலுவலகம், பகலில் மணலிப் பக்கம் கன்டெய்னர்களை இறக்கிவைக்கும் சி.எஃப்.எஸ். யார்டு, சாயங்காலம் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் நிற்கும் டிரெய்லர் டிரைவர்களோடு போன் பேச்சு என்று அவர் பொழுது போகும். பேசுவதுதான் அவருக்கு முக்கியம் என்பதால் 28 நாளைக்கு 2 ஜி.பி. டேட்டா மட்டும் தரும் சிறிய பிளான் போட்டிருந்தார். பதினெட்டாம் நாளிலேயே டேட்டா தீர்ந்துவிட்டது. "நான் வீடியோவே பார்ப்பதில்லை தம்பி, மெயில் மட்டும்தான் பார்க்கிறேன்" என்றார். போனை வாங்கிக் கணக்குப் பார்த்தால், அவர் சொன்னது உண்மை. தின்றது மெயில்தான்.

2 ஜி.பி.யை 28 நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 73 எம்.பி. வருகிறது. தினம் 1.5 ஜி.பி. கிடைக்கும் பிளானில் இருப்பவர்கள் மெயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 73 எம்.பி.க்குள் பிழைக்க வேண்டியவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அண்ணனிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன், ஜிமெயில் ஆப். அதையே முதலில் சொல்கிறேன். மற்றவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், மெயில் ஆப் எவ்வளவு எடுக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். போனின் Settings-இல் Apps பகுதிக்குப் போய் ஜிமெயிலைத் தொட்டால், Mobile data என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் மொத்தக் கணக்கு தெரியும். அதுவே Foreground, Background என்று இரண்டாகப் பிரிந்தும் இருக்கும். முதலாவது, ஆப்பைத் திறந்து வைத்து நீங்கள் பார்க்கும்போது போன டேட்டா. இரண்டாவது, போன் சட்டைப்பையில் கிடக்கும்போது தானாகப் போனது. போன் கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் இடமும் கொஞ்சம் மாறும். இந்த இரு எண்களும் எங்காவது இருக்கும்.

இன்று இரவு இரண்டையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள், நாளை இரவு மறுபடி குறியுங்கள். அண்ணன் போனில் Background கொஞ்சம்தான் இருந்தது, Foreground மலை போல இருந்தது. அப்படியென்றால் டேட்டா போவது மெயில் வந்து சேரும்போது அல்ல, அவர் திறந்து பார்க்கும்போது. Background-ஐ அணைத்துவிடு என்று நான்கு பேர் அறிவுரை சொல்வார்கள். இவருக்கு அதனால் பெரிய பலன் இருந்திருக்காது. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது மெயில் வந்த செய்தி மணி அடிக்காது என்பதுதான் மிச்சம்.

ஒரு மெயிலுக்குள் என்னென்ன எடை

ஒரு மெயிலின் எழுத்துகள் மிகச் சிறியவை. நீளமான கடிதமே சில கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். எடை மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, வெளிப் படங்கள். துணிக்கடை, வங்கி, பயண டிக்கெட் விற்பவர்கள் அனுப்பும் விளம்பர மெயில்களில் படம் மெயிலுக்குள் இருப்பதில்லை. படம் இருக்கும் முகவரி மட்டும் இருக்கும். நீங்கள் மெயிலைத் திறந்ததும் ஆப் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை இழுத்து வருகிறது. ஜிமெயிலில் அந்தப் படங்கள் கூகுளின் சர்வர் வழியாக வருகின்றன என்பதால் டேட்டா மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். உங்கள் இருப்பிடம் அனுப்பியவருக்கு நேரடியாகத் தெரியாமல் இருக்க அது உதவும். ஆனால் எந்த வழியாக வந்தாலும் படம் கடைசியில் உங்கள் போனுக்குத்தான் இறங்க வேண்டும்.

இரண்டாவது, அட்டாச்மென்ட். இது மெயிலோடு சேர்ந்தே சர்வரில் இருக்கிறது. நீங்கள் தொடும்போது உங்கள் போனுக்கு வருகிறது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. கம்பெனி மெயில்களின் அடியில் கையெழுத்தோடு வரும் லோகோ, கடிதத்தின் நடுவே ஒட்டிய ஸ்கிரீன்ஷாட் போன்றவை. பார்க்க விளம்பரப் படம் போலவே இருக்கும், ஆனால் உண்மையில் அவை மெயிலுக்குள்ளேயே வைத்து அனுப்பப்பட்டவை. அடுத்து நாம் மாற்றப்போகும் படத் தடை இவற்றைத் தடுக்காது. தடை போட்ட பிறகும் ஒரு மெயிலில் படம் தெரிகிறதே, அமைப்பு வேலை செய்யவில்லையோ என்று குழம்பினால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

படத்தை நிறுத்துவது

ஜிமெயில் ஆப்பைத் திறந்து இடது மேல் மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைத் தொடுங்கள். பட்டியலின் அடிவரை இறங்கினால் Settings இருக்கும். அதில் உங்கள் மெயில் முகவரியைத் தொட்டு, அங்கேயும் கீழே இறங்கி Data usage என்ற பகுதிக்கு வாருங்கள். அதில் Images என்ற வரி இருக்கிறது. தொட்டால் இரண்டு தெரிவுகள் வரும்: ஒன்று Always என்று தொடங்கும், மற்றது Ask before என்று தொடங்கும். இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள்.

இந்த மாற்றம் அந்த ஒரு முகவரிக்கு மட்டும்தான். அண்ணனிடம் சொந்த முகவரி ஒன்று, அலுவலக முகவரி ஒன்று என இரண்டு இருந்தன. முதல் நாள் சொந்த முகவரியில் மட்டும் மாற்றிவிட்டு நான் வந்துவிட்டேன். "தம்பி, படம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது" என்று மறுநாள் வாசலில் வந்து நின்றார். தப்பு என்னுடையது.

இனி விளம்பர மெயிலைத் திறந்தால் படங்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், மேலே Show pictures என்று ஒரு வரி தெரியும். தேவைப்பட்டால் அதைத் தொடுங்கள், அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் படம் வரும். தொட்டதும் அதே இடத்தில் Always show pictures from this sender என்று இன்னொரு வரி கேட்கும். இங்கேதான் கை நிதானமாக இருக்க வேண்டும். அதைத் தொட்டுவிட்டால், அந்த அனுப்புநரின் மெயில்கள் அனைத்தும் இனிமேல் படத்தோடுதான் திறக்கும். ரயில் டிக்கெட், வங்கி போன்ற ஒன்றிரண்டுக்கு அது வசதியாக இருக்கலாம். தினமும் இரண்டு முறை தள்ளுபடி அறிவிக்கும் கடைக்கு அதைக் கொடுத்தால், பூட்டிய கதவின் சாவியைத் திருடன் கையில் கொடுத்தது போலத்தான்.

அட்டாச்மென்ட்: இங்கே டிக்கை எடுக்கக் கூடாது

அதே Data usage பகுதியில் Download attachments என்ற வரியும், அதன் கீழே Auto-download attachments to recent messages via Wi-Fi என்ற விளக்கமும் இருக்கும். தானாக இறங்கும் என்ற சொல்லைப் பார்த்ததும் டேட்டா மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் செய்யும் முதல் காரியம், அந்த டிக்கை எடுப்பது. அண்ணனும் யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்துவைத்திருந்தார். அவர் டேட்டாவில் கணிசமான பங்கைத் தின்றதே அந்த நல்லெண்ணம்தான்.

விளக்கத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். வைஃபையில் இருக்கும்போது மட்டும்தான் இது வேலை செய்யும். மொபைல் டேட்டாவில் தானாக எதுவும் இறங்காது. ஆகவே டிக் இருந்தால், அலுவலக வைஃபையில் இருக்கும்போதே அண்மையில் வந்த கோப்புகள் போனுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு யார்டில் நின்று திறந்தால் போனிலிருந்தே திறக்கும், ஒரு பைசா டேட்டா போகாது. டிக்கை எடுத்தால் வைஃபையில் எதுவும் இறங்காது. யார்டில் நின்று தொடும்போது முழுக் கோப்பும் மொபைல் டேட்டாவில் வரும். அவருக்கு நடந்தது அதுதான். பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் காலையில் அலுவலகத்தில் வைஃபையில் உட்கார்ந்து மெயிலில் வந்ததாகப் பார்த்துவிட்டு, திறக்காமலேயே கிளம்புவார். மணலியில் கேட்டில் காவலாளி கேட்கும்போதுதான் திறப்பார்.

ஆகவே டிக்கைப் போட்டு வையுங்கள். போட்டால் மட்டும் போதாது, கோப்பு உண்மையிலேயே இறங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. அலுவலகத்தைவிட்டுக் கிளம்பும் முன் ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். வைஃபையும் மொபைல் டேட்டாவும் இரண்டுமே அணைந்திருக்க வேண்டும். இப்போது அந்த மெயிலைத் திறந்து பி.டி.எஃப்.ஐத் தொடுங்கள். திறந்தால் போனுக்குள் இருக்கிறது. திறக்காவிட்டால் வைஃபையைத் திரும்பப் போட்டு, நீங்களே ஒரு முறை தொட்டுத் திறந்துகொள்ளுங்கள். அரை நிமிட வேலை.

ஹாட்ஸ்பாட்டும் வைஃபைதான்

இந்த டிக்கில் ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி வேலை செய்தவன் ஆவேன். போனுக்கு வைஃபை என்றால் வைஃபைதான். அது அலுவலகத்தின் பிராட்பேண்டா, மகள் போனின் ஹாட்ஸ்பாட்டா என்று பல நேரம் அது பிரித்துப் பார்ப்பதில்லை. அண்ணன் வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. மகள் கல்லூரியில் படிக்கிறாள், தினம் 1.5 ஜி.பி. பிளான் வைத்திருக்கிறாள். இரவில் டி.வி.க்காக அவள் ஹாட்ஸ்பாட்டைப் போடும்போது, முன்பு ஒருமுறை சேர்த்துக்கொண்ட ஞாபகத்தில் அப்பாவின் போனும் தானாக ஒட்டிக்கொள்ளும். டிக்கைப் போட்ட மூன்றாம் நாள், "அப்பாவின் மெயில் என் டேட்டாவில் இறங்குகிறது" என்று சண்டை.

இதற்குத் தீர்வு டிக்கை எடுப்பது அல்ல. போனின் Wi-Fi பட்டியலில் மகளின் ஹாட்ஸ்பாட் பெயரின் பக்கத்தில் இருக்கும் சக்கரக் குறியைத் தொட்டு, Auto-connect என்பதை அணைத்துவிடுங்கள். இனி வேண்டுமென்று தொட்டால்தான் சேரும். அதே திரையில் Network usage என்ற வரி இருந்தால் Treat as metered என்று மாற்றியும் வைக்கலாம். அளந்து செலவு செய்ய வேண்டிய இணைப்பு இது என்று ஆண்ட்ராய்டுக்கு அது சொல்லும். எல்லா ஆப்பும் அந்தச் சொல்லுக்கு ஒரே மாதிரி கட்டுப்படும் என்று நம்ப முடியாது என்பதால், நான் Auto-connect-ஐ அணைப்பதையே முதலில் செய்வேன்.

அண்ணனின் ஒரு நாள் கணக்கு

மாற்றுவதற்கு முன் ஒரு வேலை நாளை நாங்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். சொந்த முகவரியில் வந்த விளம்பர மெயில்கள் பதினைந்தை அவர் பழக்கத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து அழிப்பார். திறப்பதற்கு முன்னும் பின்னும் ஆப்பின் கணக்கைப் பார்த்தபோது 18 எம்.பி. கூடியிருந்தது. ஸ்கேன் செய்த ஆவணங்கள் நான்கு தொகுப்பு, ஒவ்வொன்றும் 6 எம்.பி., ஆக 24. கன்டெய்னர் சீல், உள்ளே சரக்கு அடுக்கியிருக்கும் விதம் என்று யார்டிலிருந்து வந்த புகைப்படங்கள் எட்டு, ஒன்று 4 எம்.பி. வீதம் 32. மொத்தம் 74. ஒரு நாள் பங்கு 73 என்று மேலே பார்த்தோம். மெயில் ஒன்றே அதைக் காலி செய்கிறது; வாட்ஸ்ஆப்பும் மேப்பும் அடுத்த நாளின் பங்கைத் தின்னத் தொடங்குகின்றன. பதினெட்டு நாளில் தீர்ந்ததில் என்ன ஆச்சரியம்?

விளம்பர மெயிலை அழிப்பதற்காகத் திறக்க வேண்டியதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் ஒன்றை அழுத்திப் பிடித்து, மற்றவற்றையும் தொட்டுத் தெரிவு செய்து, குப்பைத் தொட்டியைத் தொட்டால் போதும்.

மாற்றிய பிறகு அதே மாதிரி ஒரு நாளில், விளம்பரம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. ஆவணங்களில் மூன்று தொகுப்பு காலையிலேயே அலுவலக வைஃபையில் இறங்கியிருந்தன. மதியத்துக்குப் பிறகு வந்த ஒன்று மட்டும் மொபைல் டேட்டாவில், 6 எம்.பி. எட்டுப் புகைப்படங்களில் சீல் எண் இருக்கும் ஒன்றை மட்டும் யார்டில் திறந்தார், 4 எம்.பி.; மற்றவற்றை மறுநாள் அலுவலகத்தில் பார்த்துக்கொண்டார். ஆக 10 எம்.பி. புகைப்பட விஷயத்தில் எந்த அமைப்பும் உதவவில்லை, எதைத் திறப்பது என்ற அவருடைய முடிவுதான் உதவியது.

பெரிய கோப்பு யாரிடமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, மெயில் தேடும் பெட்டியில் இப்படி எழுதிப் பாருங்கள்:

```
has:attachment larger:5M
```

5 எம்.பி.க்கு மேற்பட்ட மெயில்கள் மட்டும் வரிசையாக வரும். அண்ணனுக்கு வந்த பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அந்த அலுவலகத்தில் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து இருக்கும் ஆவணத்தை வண்ணத்தில், 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 150 டி.பி.ஐ.யில் எடுத்தால் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகிவிடும், படிக்கவும் முடியும். ஒரு போன் போட்டுச் சொன்னார். முத்திரை மங்கலாகத் தெரியும் தாளை மட்டும் பழையபடி அனுப்பச் சொன்னார், அது நியாயம்.

தவறும் இடங்கள்

டேட்டா தீர்ந்த பிறகு பல பிளான்களில் இணைப்பு நிற்பதில்லை, 64 கே.பி.பி.எஸ். வேகத்துக்கு இறங்கிவிடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது நொடிக்கு 8 கிலோபைட். 1 எம்.பி. வருவதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல், 6 எம்.பி. ஆவணத்துக்குப் பதிமூன்று நிமிடம். கேட்டில் பின்னால் டிரெய்லர்கள் ஹார்ன் அடிக்க, வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த நிலையில் படத் தடை இல்லாவிட்டால் சாதாரண மெயிலே திறக்காது.

அடுத்தது, போனைச் சுத்தம் செய்யும் பழக்கம். Apps பகுதியில் ஜிமெயிலுக்கு Clear storage கொடுத்தால் போனில் இறங்கியிருந்த மெயில்களும் கோப்புகளும் போய்விடும். ஆப் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து இழுக்கத் தொடங்கும். Days of emails to sync என்ற வரியில் பொதுவாக 30 நாள் என்று இருக்கும். அத்தனை நாள் மெயிலும் திரும்ப வரும். செய்தே ஆக வேண்டுமென்றால் வைஃபையில் செய்யுங்கள். செய்தபின் மேலே சொன்ன இரண்டு அமைப்புகளையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். அந்த 30-ஐ 7 ஆகக் குறைத்தாலும் பழைய மெயில் அழியாது, தேடினால் சர்வரிலிருந்து வரும்.

ஜிமெயிலிலிருந்து ஒருவர் 25 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பை அனுப்பினால் அது அட்டாச்மென்டாக வராது, கூகுள் டிரைவ் இணைப்பாக வரும். அதைத் தொட்டால் டிரைவ் ஆப் திறக்கும், செலவும் டிரைவின் கணக்கில் ஏறும். மெயிலின் எண் குறைந்துவிட்டது, டேட்டா மட்டும் குறையவில்லை என்றால் அங்கே பாருங்கள். டிரைவின் Settings-இல் Transfer files only over Wi-Fi என்பதைப் போட்டு வைக்கலாம்.

வேறு ஆப் வைத்திருப்பவர்களுக்கு

கம்பெனி மெயிலை ஐமேப் முறையில் தண்டர்பேர்ட் அல்லது கே-9 மெயில் ஆப்பில் பார்ப்பவர்களுக்கு இன்னும் நல்ல கடிவாளம் இருக்கிறது. கணக்கின் அமைப்புகளில் Fetching mail என்ற பகுதியில் Auto-download messages up to என்று ஓர் அளவு கேட்கும். அதைச் சிறியதாக வைத்தால், அதற்கு மேற்பட்ட மெயில் பாதியில் நிற்கும். முழுதும் வேண்டுமா என்று ஒரு பொத்தான் காட்டும். படங்களுக்கு Reading mail பகுதியில் தனி வரி உண்டு. No என்று வையுங்கள், தெரிந்தவர்கள் அனுப்பும் படம் மட்டும் வரட்டும் என்றால் From contacts என்று வையுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஐமேப்பில் அட்டாச்மென்ட் பெரும்பாலும் எழுத்தாக மாற்றப்பட்ட வடிவத்திலேயே பயணம் செய்கிறது, அதனால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். 6 எம்.பி. பி.டி.எஃப். இறங்க 8 எம்.பி. டேட்டா ஆகும். கணக்குத் தப்புகிறதே என்று குழம்ப வேண்டாம்.

ஐபோனின் மெயில் ஆப்பில் நேர்மாறான ஒரு வழக்கம் உண்டு. Privacy Protection என்ற பகுதியில் Protect Mail Activity போட்டிருந்தால், அனுப்புநருக்கு நீங்கள் படித்தது தெரியாமல் இருப்பதற்காக, வெளிப் படங்களை நீங்கள் திறக்காவிட்டாலும் போன் பின்னணியில் இறக்கிவைக்கும். தனியுரிமைக்கு நல்லது, சிறிய பிளானுக்குக் கெட்டது. அதை அணைத்தால்தான் Block All Remote Content என்ற வரி வரும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணனின் அடுத்த 28 நாள் முடிந்தபோது தாளைக் கொண்டுவந்து காட்டினார். மெயில் மொத்தமாக 270 எம்.பி. எடுத்திருந்தது. மகள் ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டாளாம், எதற்கும் இருக்கட்டும் என்று.